கழுவுநீர் எட்டாத மூலை

பாற்பண்ணைக் குழாய்களில் நாள்தோறும் சுடுநீரும் காரநீரும் பாய்ச்சிக் கழுவுகிறார்களே, அப்படியிருந்தும் சில வேளைகளில் பால் கெட்டுப்போவது எதனால் என்று மாணவ நேயர் ஒருவர் வினவியுள்ளார். வினா சிறிது, விடை சற்றே நீளமானது. கழுவுவோரின் சோம்பலைக் குறைகூறிவிட்டு அமைவது எளிது. ஆனால், எத்துணை அக்கறையுடன் கழுவினாலும் தூய்மையாகாத கருவிகளும் உலகில் உள. அத்தகைய கருவியின் குற்றம் கழுவுவோனுடையதன்று; அதை வடித்தவனுடையது.

நம் வீட்டுக் கெண்டியை எண்ணிப் பாருங்கள். அதன் வயிற்றைக் கையை விட்டுத் தேய்த்து விளக்கலாம். ஆனால் மூக்கினுள் விரல் நுழையாது. தேங்காய்த் தும்பும் நுழையாது. அதில் ஒருநாள் பாலை ஊற்றிவைத்தால், மறுநாள் நாற்றம் எங்கிருந்து எழும் என்பதை இல்லத்தரசியர் நன்கு அறிவர். உணவுத் தொழிற்சாலையின் குழாய்த் தொகுதியில் இத்தகைய கெண்டிமூக்குகள் பல ஒளிந்திருக்கக்கூடும்.

2008ஆம் ஆண்டில் கனடா நாட்டின் ரொறன்ரோ நகரில், மேப்பிள் லீஃப் நிறுவனத்தின் இறைச்சி ஆலையிலிருந்து பரவிய லிஸ்ரீரியாக் கிருமியால் 22 பேர் மாண்டனர். இறைச்சியை மெல்லிய துண்டுகளாகச் சீவும் எந்திரங்கள் அங்கே கழுவப்பட்டே வந்தன. எனினும் அவ்வெந்திரங்களின் உட்புற ஆழத்தில், வழக்கமான கழுவுதல் சென்றடையாத இடத்தில் கிருமிகள் குடியிருந்தமையே பெரும்பாலும் காரணமாகலாம் என்று ஆராய்ந்தோர் கருதினர். கெண்டிமூக்கின் கதை சில வேளைகளில் இவ்வளவு பெரிதாகவும் முடிகிறது.

இனி, ஒரு கருவி கழுவத் தக்கதா, தகாததா என்பதை வாங்குமுன்பே அறிய வழியுண்டா? உண்டு. 1989ஆம் ஆண்டில் தோன்றிய ஐரோப்பியச் சுகாதாரப் பொறியியல் வடிவமைப்புக் குழுவினர் இதற்கென ஒரு பரிசோதனையை வகுத்துள்ளனர். கருவியைக் கழற்றாமலே கழுவும் முறை எத்துணைப் பயன்தரும் என்பதை அது கண்ணுக்குக் காட்டிவிடுகிறது.

முதலில் கருவியை முற்றாகத் துப்புரவாக்கிக் கிருமிநீக்கம் செய்கின்றனர். பின்னர் வேண்டுமென்றே அதனை அழுக்காக்குகின்றனர். புளித்த பாலில் ஒருவகைப் பற்றீரியாவின் வித்திகளைக் கலந்து, அழுத்தத்துடன் கருவியினுள் நிரப்பி, வடித்து, உலர விடுகின்றனர். இப்பற்றீரியா மனிதருக்குத் தீங்கு செய்யாதது, வெப்பத்தை விரும்புவது. இதன் வித்திகள் சோதனையில் வழங்கும் இளஞ்சூட்டுக் காரத்துக்கு மடிவனவல்ல. ஆகவே கழுவியபின் அவை ஓரிடத்தில் காணப்படவில்லையெனில், அவை இறந்துவிட்டன என்பது பொருளன்று; நீரோட்டத்தால் அடித்துச் செல்லப்பட்டுவிட்டன என்பதே பொருள்.

அடுத்துக் கழுவுதல். சோதிக்கப்படும் கருவியுடன் ஒரு நேரான குழாயையும் இணைக்கின்றனர். இதனை ஒப்புக்குழாய் எனலாம். அதன் உட்பரப்பின் வழவழப்பு முன்பே அளந்து அறியப்பட்டது. அதுவும் அதே பாலால் அழுக்காக்கப்பட்டது. இரண்டினூடும் முதலில் தண்ணீரையும், பின்பு 63 பாகை செல்சியசு வெப்பமுள்ள மென்மையான காரநீரை 10 நிமிடமும், இறுதியாக மீண்டும் தண்ணீரையும் செக்கனுக்கு 1.5 மீற்றர் வேகத்தில் ஓடவிடுகின்றனர். வலிய காரத்தை ஏன் வழங்குவதில்லை என்று வியப்புறலாம். எல்லாவற்றையும் முற்றாகக் கழுவிவிட்டால் நல்ல கருவிக்கும் தீய கருவிக்கும் வேறுபாடு தெரியாது. ஒப்புக்குழாயிலும் சிறிது அழுக்கு எஞ்ச வேண்டும் என்பதற்காகவே கழுவுதலை மென்மையாக்கியுள்ளனர். எல்லோரும் நூற்றுக்கு நூறு பெறும் வினாத்தாளால் ஆசிரியருக்கு என்ன பயன்?

கடைசிப் படியே மிக அழகானது. கடற்பாசியிலிருந்து பெறும் அகர் என்னும் கூழை உருக்கி, அதில் பற்றீரியாவுக்கு வேண்டிய உணவையும் ஊதா நிறச் சாயமொன்றையும் கலந்து, கருவியினுள் நிரப்பி உறைய விடுகின்றனர். பின் ஓரிரவு முழுவதும் 58 பாகை வெப்பத்தில் வைக்கின்றனர். எங்கெங்கு வித்திகள் எஞ்சினவோ அங்கெல்லாம் அவை முளைத்துப் பெருகி அமிலத்தை உண்டாக்கும். அமிலம் பட்ட இடத்தில் ஊதாச் சாயம் மஞ்சளாகும். மறுநாட் காலையில் கருவியைப் பிரித்து அகரை வெளியே எடுத்தால், எந்த மூலை கழுவப்படவில்லை என்பதை அதுவே வரைபடம்போல் காட்டி நிற்கும். தற்செயலான விளைவால் ஏமாறாதிருக்க, இதனைக் குறைந்தது மூன்று முறை செய்கின்றனர்.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். உள்விட்டம் 50 மில்லிமீற்றருள்ள கிடையான குழாயொன்றில், அழுத்தமானியைப் பொருத்துவதற்காக மேல்நோக்கி 150 மில்லிமீற்றர் உயரமுள்ள ஒரு கிளை வைக்கப்பட்டிருக்கிறது என்று கொள்வோம். கிளையின் நுனி மூடியது. அதனூடாக எதுவும் ஓடுவதில்லை. வழியடைந்த ஒழுங்கையைப் போன்ற இதனை முட்டுக்கிளை எனலாம்.

குழாயில் பால் நிரம்பும்போது கிளையினுள் இருந்த காற்று வெளியேற வழியின்றி மேலே சிறைப்படுகிறது. தொழில் நடக்கையில் குழாயினுள் மொத்த அழுத்தம் 6 வளிமண்டலம் என்க. மாணவர் கற்ற போயிலின் விதிப்படி, 150 மில்லிமீற்றர் உயரக் காற்று ஆறிலொன்றாகச் சுருங்கி 25 மில்லிமீற்றராகும். ஆகவே பால் கிளையினுள் 125 மில்லிமீற்றர் உயரம்வரை ஏறிவிடும். மாலையில் கழுவும்போது அழுத்தம் 2 வளிமண்டலம் மாத்திரமே எனின், அதே காற்று 75 மில்லிமீற்றருக்கு விரிந்து நிற்கும். காரநீர் 75 மில்லிமீற்றர் வரையே ஏறும். பால் தொட்ட இடத்தில் மேற்புற 50 மில்லிமீற்றர் வளையத்தைக் காரநீர் தொடவே இல்லை! இருபது நிமிடம் கழுவினாலென்ன, இரண்டு மணிநேரம் கழுவினாலென்ன, அவ்வளையம் அழுக்காகவே இருக்கும்.

காரநீர் தொட்ட பகுதியின் நிலையும் முழுதும் நன்றன்று. தலைக்குழாயில் விரைந்தோடும் நீர் கிளையின் வாயிலில் சுழன்று திரும்புமேயன்றி, ஆழத்துக்குச் செல்லச் செல்ல அதன் வேகம் ஓய்ந்துவிடும், வெப்பமும் குறையும். இக்கருவியைச் சோதனைக்கு உட்படுத்தினால், அகரை ஊற்றும்போது கருவியைத் திருப்பிக் காற்றை வெளியேற்றுவர். ஆதலால் கிளை முழுவதும் அகர் நிரம்பும். மறுநாள் தலைக்குழாய்ப் பகுதி ஒப்புக்குழாயைப் போன்றே சிற்சில மஞ்சட் புள்ளிகளுடன் இருக்கும். கிளையின் உள்ளே செல்லச் செல்ல மஞ்சள் அடர்ந்து, மேலே ஒரு பட்டையாகத் திரளும். நுனியோ பால் படாத இடமாதலால் ஊதாவாகவே நிற்கும். பட்டையின் இடத்தைக் கொண்டே குற்றம் காற்றுச் சிறையினது என்று பொறியியலாளர் அறிந்துகொள்வர்.

பரிகாரம் யாது? முதலாவது, முட்டுக்கிளையை இல்லாமற் செய்வது. குழாய்ச் சுவரோடு சமமாக அமரும் மென்றகடுடைய அழுத்தமானிகள் உண்டு. அவற்றைப் பொருத்தினால் கிளையே வேண்டியதில்லை. அது இயலாதாயின், கிளையின் நீளத்தை அதன் விட்டத்திலும் குறைவாக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் 50 மில்லிமீற்றருக்குள் அடங்க வேண்டும். அதனோடு, குழாய் வளையும் இடத்தில், ஓடிவரும் நீர் நேரே கிளையின் வாயில் மோதுமாறு அமைப்பதும், கிளையை மேல்நோக்கி நிறுத்தாமல் கிடையாக வைப்பதும் நலம். கீழ்நோக்கி வைத்தால் காற்று சிறைப்படாது. ஆயினும் மண்டி படிந்துவிடும்.

ஒட்டுகளிலும் இதே கதைதான். துருப்பிடியா உருக்குக் குழாய்களை உருக்கி ஒட்டும்போது, வெளிப்புறம் அழகாயிருப்பது போதாது. ஒட்டு சுவரின் முழுத் தடிப்புக்கும் ஊடுருவாவிடில் உள்ளே ஒரு வெடிப்பு எஞ்சும். பற்றீரியா ஒன்றின் பருமன் மில்லிமீற்றரில் ஏறக்குறைய ஆயிரத்திலொரு பங்கு. நம் கண்ணுக்கு மயிரிழை போன்ற வெடிப்பு அதற்குப் பெருங்குகை. உட்புறத்தைக் காற்றுப்படாமல் ஆர்கன் வாயுவால் நிரப்பாது ஒட்டினால், ஒட்டின் இருமருங்கும் நீலமும் கபிலமுமாக நிறம் மாறும். அந்நிறம் உருக்கின் காப்புப் படலம் கெட்டதன் அறிகுறி. பின்னர் அங்கே அரிப்பு உண்டாகிக் குழிகள் தோன்றும். சோதனையில் ஒட்டின் வழியே மஞ்சள் வளையமொன்று தெரிந்தால், ஒட்டியவர் அதனை மறுக்க முடியாது.

வடிகாலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கழுவிய நீர் எங்கேனும் தேங்கி நின்றால் இரவு முழுவதும் அங்கே கிருமி வளரும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் பற்றீரியா ஒன்று, உணவும் வெப்பமும் வாய்த்தால், 10 மணிநேரத்தில் 30 முறை இரட்டித்து 100 கோடியைத் தாண்டும். ஆதலால் பரப்புகளுக்கு 3 பாகைக்குக் குறையாத சரிவு வேண்டும் என்பர். அதாவது ஒரு மீற்றர் நீளத்துக்கு ஏறக்குறைய 5 சதமமீற்றர் இறக்கம். பெரிய குழாயைச் சிறிய குழாயோடு இணைக்கும் கூம்புத் துண்டிலும் கவனம் வேண்டும். இரண்டின் நடுக்கோடுகளையும் ஒன்றாக்கினால் பெரிய குழாயின் அடியில் சிறு குளமொன்று நிற்கும். இரண்டின் அடிப்புறங்களையும் ஒரே மட்டமாக்கினால் நீர் முற்றாக வடியும்.

இச்சோதனைக்கும் எல்லையுண்டு. இது ஒப்புக்குழாயோடு ஒப்பிட்டுச் சொல்லும் தீர்ப்பேயன்றி, எல்லா உணவுக்கும் எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் சான்றிதழன்று. சூடேறிய தகட்டில் தீய்ந்து ஒட்டிய பால், புளித்துலர்ந்த பாலைவிடப் பிடிவாதமானது. புதிய கருவியில் இறுகப் பொருந்தியிருந்த றப்பர் வளையம், ஆண்டுகள் செல்ல வெடித்துப் புதிய மூலைகளை உண்டாக்கும். நன்றாகத் தேறிய வால்வையும், சரிவைக் கவனியாது தலைகீழாகப் பொருத்தினால் அதுவே நீர்தேங்கும் குழியாகிவிடும்.

ஆகவே, நேயர் கேட்ட வினாவுக்கு விடை இதுவே: காரநீர் தான் தொட்ட இடத்தையே தூய்மையாக்கும், தொடாத இடத்தில் அதன் வலிமையும் வெப்பமும் நேரமும் வீணே. அடுத்தமுறை கடையில் கேத்திலோ பால்போத்தலோ வாங்கும்போது, வெளிப்புறப் பளபளப்பை ஒருகணம் மறந்து, அதன் உட்புறத்தில் கைக்கும் நீருக்கும் எட்டாத மூலை எது என்று பாருங்கள்.