முன்னூறு பேரைக் கேட்டோம் சார்!

குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்காகப் பசங்க செய்த ஆய்வு ஒன்றைப் பார்த்துச் சொல்லுங்கன்னு ஒரு வாத்தியார் நண்பர் கொண்டுவந்து கொடுத்தார். பள்ளி பேர் வேண்டாம், கள்ளக்குறிச்சிப் பக்கம்னு வெச்சுக்கங்க. தலைப்பு: கல்வராயன்மலை வீடுகளில் சமையலுக்கு விறகா, கேஸா? நல்ல தலைப்பு. முதல் பக்கத்திலேயே பெருமையா ஒரு வரி: "300 பேரிடம் தகவல் திரட்டினோம்."

எங்கே திரட்டினீங்கப்பானு கேட்டேன். "எங்க ஸ்கூல்லதான் சார், கிளாஸ் கிளாஸா போய் கை தூக்கச் சொன்னோம்." அடடா!

300 என்ன, 3000 கையை எண்ணினாலும் இந்தக் கணக்கு தேறாதுங்கறது என் கட்சி. பள்ளிக்குப் பிள்ளை அனுப்பாத வீடு இதில் இல்லை. வயசானவங்க மட்டும் இருக்கும் வீடு இல்லை. அண்ணன், தங்கை ரெண்டு பேரும் அங்கேயே படித்தால் ஒரே வீடு ரெண்டு தரம் எண்ணப்படுது. எல்லாத்துக்கும் மேல, பஸ் வரும் ஊர்ப் பிள்ளைகள்தான் அந்தப் பள்ளியில் அதிகம். சிலிண்டர் வண்டியும் அதே ரோட்டில்தானே வரும்? ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற ஊர்களில்தான் விறகு அதிகமா இருக்க வாய்ப்பு. விடை மாறும் இடத்தை விட்டுட்டு மத்த இடத்தில் ஆளைக் கூட்டினால், தப்பான விடைதான் இன்னும் உறுதியாத் தெரியும்.

சரி, எப்படிச் செய்யலாம்? ஒரு கணக்குக்கு 40 ஊர், ஊருக்குச் சராசரி 60 வீடுன்னு வைத்துக்கொள்வோம். முதலில் ஊர்ப் பட்டியலை ரெண்டாப் பிரிக்கணும்: பஸ் போகும் ஊர் 16, போகாத ஊர் 24. ஒவ்வொன்றிலும் காலே கால் பங்குக்குச் சீட்டுக் குலுக்கினால் 4 + 6, ஆக 10 ஊர். நமக்குப் பழக்கமான ஊர் வரலையேன்னு மறுபடி குலுக்கக் கூடாது.

அப்புறம் வீடு. அங்கன்வாடியில் குடும்பக் கணக்கெடுப்புப் பதிவேடு இருக்கும். வீட்டு வரிசைக்கு அதைக் கேட்டுப் பார்க்கலாம். 1 முதல் 6 வரை ஒரு சீட்டு எடுங்க. 4 வந்தால் 4, 10, 16னு ஆறாறாத் தாண்டிப் போகணும். பத்து ஊரிலும் இதே இடைவெளிதான். பெரிய ஊரில் அதிக வீடு, சின்ன ஊரில் குறைந்த வீடுன்னு தானா அமைஞ்சிடும். மலையில் எந்த வீட்டுக்கும் சம வாய்ப்பு. மொத்தம் சுமார் 100 வீடு, பசங்க நாலைந்து ஞாயிற்றுக்கிழமையில் முடிச்சிடலாம்.

பூட்டின வீடு வந்தால் பக்கத்து வீட்டைக் கேட்டுட்டு வந்துடாதீங்க. கூலி வேலைக்குப் போன வீடுதான் பகலில் பூட்டியிருக்கும், அதை விட்டால் மறுபடி அதே கதை. சாயங்காலம் ஒரு தரம், அடுத்த வாரம் ஒரு தரம் போங்க. அப்பவும் இல்லைன்னா "கிடைக்காத வீடு இத்தனை"ன்னு அறிக்கையில் எழுதுங்க.

100 போதுமானு கேப்பீங்க. 1-ஐ எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுங்க, பிழை எவ்வளவுன்னு தோராயமாத் தெரியும். 100 வீட்டுக்குப் பத்தில் ஒன்று, அதாவது 10 சதவீதம் இந்தப் பக்கம், 10 அந்தப் பக்கம். பாதியாக் குறைக்க 200 வீடு போதாது, 400 வேணும்! அதிலும் ஒரே ஊர் வீடுகள் ஒன்றையொன்று ஒத்திருக்குமே, அதனால் நிஜமான பிழை இன்னும் கொஞ்சம் கூடும். 100 வீட்டைக் கேட்டாலும் 50 வீட்டைக் கேட்ட பலன்தான் என்றால் பிழை 14 சதவீதம். அதனால்தான் 2 ஊரில் ஐம்பது ஐம்பதாக் கேட்பதை விட 10 ஊரில் பத்துப் பத்தாக் கேட்பது மேல்.

இது பள்ளிக்கூட விளையாட்டு இல்லீங்க. 2005-இல் பிரதம் அமைப்பு ஆரம்பித்த அசர் கல்விக் கணக்கெடுப்பில் ஒரு மாவட்டத்துக்கு 30 கிராமம், கிராமத்துக்கு 20 வீடு, ஆக 600தான். அவங்களும் பள்ளியில் கேட்காமல் வீட்டுக்குத்தான் போறாங்க, பள்ளிக்கு வராத பிள்ளையும் கணக்கில் வரணுமே. வீட்டுப் பட்டியல் இல்லாட்டி அவங்க வழியையே பிடிக்கலாம்: ஊரை நாலு பகுதியாக்கி, ஒவ்வொன்றிலும் நடுவிலிருந்து கிளம்பி ஐந்தாவது ஐந்தாவது வீடா எடுக்கிறது.

பத்து ஊர் ஏறி இறங்க முடியாதா? தப்பே இல்லை. உங்க ஊரில் 60 வீடா, அறுபதையும் கேட்டுடுங்க. அங்கே மாதிரியும் வேண்டாம், மாதிரிப் பிழையும் இல்லை. தலைப்பில் மட்டும் கல்வராயன்மலையை எடுத்துட்டு உங்க ஊர் பேரைப் போடுங்க. நான் நடுவரா இருந்தால் அந்த 300 கைகளை விட இந்த 60 வீட்டுக்குத்தான் மார்க் போடுவேன்.

வாத்தியார் நண்பர் "தலைப்பை மாத்தினா சின்னதாத் தெரியுமே"ன்னார். நீங்க என்ன நினைக்கறீங்க, பின்னூட்டத்தில் சண்டைக்கு வாங்க :-)