முதலில் வந்ததா, முதலில் காலாவதியாவதா?

"பழைய சரக்கை முன்னால் வை, புதியதைப் பின்னால் வை." கடையில் காலடி வைத்த முதல் நாளிலேயே எமக்கெல்லாம் சொல்லித் தரப்பட்ட பாடம் இது. சீனி, அரிசி, வெங்காயம் விற்ற காலத்துக்கு அது போதுமாக இருந்தது. ஆனால் இன்று உணவுப் பொருள் விநியோகம் செய்பவரும் பாமசி நடத்துபவரும் விற்பது திகதி அச்சிடப்பட்ட சரக்கு. அங்கே "பழையது" என்றால் எது? முதலில் எமது களஞ்சியத்துக்கு வந்ததா, அல்லது முதலில் காலாவதியாகப் போவதா? இரண்டும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான நாட்களில் ஒன்றாகத்தான் இருக்கும். ஒன்றாக இல்லாத நாட்களில்தான் பணம் போகிறது.

பிந்தி வந்த சரக்குக்கு முந்திய காலாவதித் திகதி எப்படி வரும் என்று கேட்கலாம். இறக்குமதியாளரிடம் இரண்டு களஞ்சியங்கள் இருக்கும். ஒன்றில் பின்னால் கிடந்ததை இந்த மாதம்தான் வெளியே எடுத்திருப்பார். விசேட கழிவு தருகிறோம் என்று சொல்லி ரெப் தள்ளிவிடும் சரக்கில் பாதிக்கு இதுதான் கதை. கடைகளிலிருந்து திரும்பி வரும் நல்ல பெட்டிகளும் அப்படித்தான். இன்று திரும்பி வந்தது "புதிய வரவு" என்று அடுக்கின் பின்பக்கம் போகும். அதன் ஆயுளில் பாதி கடைக்காரரின் இறாக்கையிலேயே கழிந்திருக்கும்.

ஒரு உதாரணத்தைக் கணக்கோடு சொல்கிறேன். 2025ஆம் ஆண்டு நோன்பு மார்ச் மாதத்தில் வந்தது. நோன்புக் காலத்தில் எமது பகுதியில் கஸ்டட் பவுடர் எப்படி ஓடும் என்பதை வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஜனவரி நடுப்பகுதியில் 60 பெட்டி வந்தது. காலாவதி 2025 டிசம்பர். பெப்ரவரி ஆரம்பத்தில் அதே இறக்குமதியாளரிடமிருந்து, அதே பொருள், 80 பெட்டி வந்தது; காலாவதி 2025 ஓகஸ்ட். மார்ச் முடியும்வரை மொத்தம் 90 பெட்டி விற்றது. பெருநாளுக்குப் பிறகு மாதம் 6 பெட்டிக்கு மேல் போகவில்லை.

வந்த ஒழுங்கில் அனுப்பியிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஜனவரிச் சரக்கு 60உம் போய், பெப்ரவரிச் சரக்கில் 30 போயிருக்கும். மீதி 50 பெட்டியும் ஓகஸ்ட் திகதிச் சரக்கு. ஓகஸ்ட் வரை காலம் இருக்கிறதே என்று எண்ண வேண்டாம். சில்லறைக் கடைக்காரர் விற்கவும், வாங்கியவர் சமைத்துச் சாப்பிடவும் காலம் வேண்டும். காலாவதிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது எமது களஞ்சியத்திலிருந்து அந்தப் பொருளை அனுப்புவதை நிறுத்துவது எமது வழக்கம். ஆகவே ஜூன் முடிவுதான் கடைசி. ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதத்தில் 18 பெட்டி போகும். 32 பெட்டி கையில் நின்றுவிடும்.

நாங்கள் செய்தது வேறு. பிந்தி வந்த ஓகஸ்ட் சரக்கு 80ஐயும் நோன்புக்கு முன்னரும் நோன்பிலும் வேகமாக விற்கும் கடைகளுக்கு அனுப்பிவிட்டோம். டிசம்பர் சரக்கில் 10 பெட்டி மட்டும் போனது. அதிலிருந்து மீதியான 50 பெட்டிக்கு ஒக்டோபர் முடிவு வரை காலம் இருந்தது. ஏழு மாதத்தில் மாதம் 6 வீதம் 42 பெட்டி. நின்றது 8.

அதே சரக்கு, அதே வாடிக்கையாளர்கள், அதே விற்பனை. 32க்கும் 8க்கும் உள்ள வித்தியாசம் எந்தப் பெட்டியை முதலில் தூக்குவது என்பதில் மட்டும் இருக்கிறது. நூற்றுக்கு 8 ரூபா இலாபம் வைத்து விநியோகிக்கும் ஒருவர், வீசிய ஒரு பெட்டியின் கொள்முதல் பணத்தை மீட்க பதினொரு பெட்டிக்கு மேல் விற்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆனால் அந்த 8 பெட்டியையும் கவனியுங்கள். ஒழுங்காக அனுப்பியும் அது நின்றது. காரணம், வாங்கிய அளவு அதிகம். முதலில் காலாவதியாவதை முதலில் அனுப்பும் முறை, அளவுக்கு மீறி வாங்கியதைச் சரிசெய்யாது. எத்தனை பெட்டி மிஞ்சப் போகிறது என்பதை முன்கூட்டியே காட்டும், அவ்வளவுதான். நோன்புச் சரக்கில் இது இன்னும் கடுமையானது. நோன்பு ஒவ்வொரு வருடமும் சுமார் பதினொரு நாள் முந்தி வருகிறது. 2026இல் பெப்ரவரியிலேயே வந்துவிட்டது. இருந்தும் டிசம்பர் திகதிச் சரக்கு அதை எட்டிப் பிடிக்காது. "அடுத்த நோன்புக்குப் போகும்" என்று வைத்திருப்பவர்கள் திகதியைப் பார்த்துவிட்டு வைத்திருக்க வேண்டும்.

டிசம்பர் சரக்கில் 10 பெட்டி போனது என்று சொன்னேன் அல்லவா? அது தவறிப் போனதல்ல. மலைப்பக்கத்துச் சிறு கடைகள் சிலவற்றுக்கு வேண்டுமென்றே அதைக் கொடுத்தோம். ஒரு பெட்டியை வாங்கி ஆறேழு மாதம் வைத்து விற்கும் கடைகள் அவை. ஓகஸ்ட் திகதிப் பெட்டியை அங்கே அனுப்பினால் அது திரும்பி வரும், அல்லது கடைக்காரரின் தலையில் விழும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, "எது முதலில் காலாவதியாகிறது?" என்பது மட்டுமல்ல, "இவர் முடிக்கக் கூடியவற்றில் எது முதலில் காலாவதியாகிறது?" என்பதுதான்.

இதைப் பாமசிக்காரர்கள் எம்மைவிட நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பாமசிக்காரர் சொன்ன விதம் தெளிவானது. "நானா, மருந்துப் பெட்டியில் மாதமும் வருடமும் மட்டும் இருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள்வரை கணக்கு. ஆனால் நான் பார்ப்பது விற்கும் நாளை அல்ல, நோயாளி கடைசிக் குளிசையை விழுங்கும் நாளை" என்றார். பிரஷருக்கு மூன்று மாதக் குளிசை ஒன்றாக வாங்குபவர் இருக்கிறார். ஒரு மாதத்துக்கு மட்டும் வாங்குபவரும் இருக்கிறார். இரண்டு மாதத்தில் காலாவதியாகும் அட்டையை மூன்று மாதக்காரருக்குக் கொடுத்தால், கடைசி மாதம் அவர் காலாவதியான மருந்தைத்தான் குடிப்பார். அவருக்கு அடுத்த தொகுதியிலிருந்து கொடுத்துவிட்டு, குறுகிய திகதியை ஒரு மாதக்காரருக்குக் கொடுத்தால் இருவருக்கும் குறையில்லை. கடையிலும் எதுவும் நிற்காது. அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது திகதியும் தொகுதி இலக்கமும் உள்ள ஓரத்தைக் கடைசியில் விற்கும்படி வெட்ட வேண்டும். அந்த ஓரம் முதலில் போய்விட்டால் மீதிக் குளிசைகளுக்கு வயது தெரியாது.

இனி வேலை எங்கே பிசகுகிறது என்று பார்ப்போம். பலர் கணினி வாங்கிவிட்டால் அது பார்த்துக்கொள்ளும் என்று நினைக்கிறார்கள். சாதாரண கோடு போட்ட பார்கோடில் பொருளின் இலக்கம் மட்டுமே இருக்கிறது. காலாவதித் திகதி இல்லை. சரக்கு இறங்கும்போது யாராவது பெட்டியைப் பார்த்து, தொகுதி இலக்கத்தையும் திகதியையும் எழுதினால்தான் கணினிக்குத் தெரியும். அந்த நேரத்தில் லொறிக்காரர் அவசரப்படுத்துவார். மேல் பெட்டி ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு மொத்தத்துக்கும் அதே திகதியைப் போடுவது அப்போதுதான் நடக்கிறது. ஒரே லொறியில் இரண்டு மூன்று தொகுதி கலந்து வருவது சாதாரணம். திகதியை வாசிப்பதிலும் வில்லங்கம் உண்டு. 05/08 என்றிருந்தால் எமக்கு ஓகஸ்ட் 5. வேறு சில நாடுகளில் அது மே 8. ஒரே பெட்டியில் உற்பத்தித் திகதியும் இருந்தால் இரண்டையும் ஒப்பிட்டு முடிவு செய்யலாம். இல்லாவிட்டால் கொண்டு வந்தவரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

எமது களஞ்சியத்தில் இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் இல்லை. பெட்டி இறங்கியதும் அதன் முகப்பில் தடித்த மாக்கர் பேனையால் மாதமும் வருடமும் உள்ளங்கை அளவில் எழுதப்படும்: 8/25, 12/25. ஒரு மாதத்துக்கு ஒரு அடுக்கு. இடம் போதாவிட்டாலும் இரண்டு மாதங்களை ஒரே அடுக்கில் கலப்பதில்லை. கலந்தால் மேலே இருப்பதுதான் கைக்கு வரும். வேலை செய்யும் பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. காலை அவசரத்தில் அடியில் இருக்கும் பெட்டியை யார்தான் இழுப்பார்கள்?

லொறியும் ஒரு களஞ்சியம்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். காலையில் பின்கதவால் ஏற்றுகிறோம். அதே கதவால் இறக்குகிறோம். நேற்று விற்காதது டிரைவர் பக்கம் ஒதுங்கி, இன்று ஏற்றியது அதற்கு முன்னால் நிற்கும். இப்படியே சில பெட்டிகள் மாதக்கணக்கில் ஊர் சுற்றிக்கொண்டிருக்கும், அதுவும் வெயிலில். வாரத்துக்கு ஒருமுறை லொறியை முழுதாக வெறுமையாக்கி, மீண்டும் திகதிப்படி ஏற்றுவதைத் தவிர இதற்கு வேறு வழியை நான் காணவில்லை.

ஒழுங்கு நடக்கிறதா என்று அறியப் புத்தகத்தைப் பார்க்க வேண்டாம். ஏதாவது ஐந்து பொருட்களை எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது ஒரு கட்டளை வந்தால் பையன் எந்தப் பெட்டியைத் தூக்குவானோ அதன் திகதியைப் பாருங்கள். பிறகு அதன் பின்னாலும் அடியிலும், திரும்பி வந்த சரக்கு மூலையிலும் அதைவிட முந்திய திகதி இருக்கிறதா என்று தேடுங்கள். ஐந்தில் ஒன்றில் கிடைத்தாலும் எங்கோ கலப்பு நடக்கிறது. கால் மணி நேர வேலை. பொதுச் சுகாதாரப் பரிசோதகரோ நுகர்வோர் அதிகார சபையோ வந்து தேடுவதற்கு முன்னர் நாமே தேடிக்கொள்வது நல்லது.

பெட்டியில் உள்ள திகதிக்கும் ஒரு எல்லை உண்டு. அது திறக்காத பொருளுக்கு, சொன்ன வெப்பத்தில் வைத்திருந்தால் மட்டும். தண்ணீர் கலந்த அன்டிபயோட்டிக் பாணிக்கு, போத்தலில் அடுத்த வருடம் என்றிருந்தாலும், ஏழு முதல் பதினான்கு நாள்தான் ஆயுள். கண்ணுக்கு விடும் துளி மருந்தில் பெரும்பாலானவை திறந்து நான்கு வாரத்தில் வீசப்பட வேண்டியவை. இதை விற்பவர் வாய் திறந்து சொன்னால்தான் வாங்குபவருக்குத் தெரியும்.

அந்த 8 பெட்டி என்னானது என்று யாராவது கேட்பார்கள். மாத முடிவில் நாங்கள் எழுதும் பட்டியலில், ஜூலையிலேயே அது மிஞ்சும் என்று தெரிந்துவிட்டது. செப்டெம்பரில் கல்யாணச் சமையல் எடுப்பவர்கள் இருவருக்கு, திகதியைக் காட்டி, பற்றுச்சீட்டிலும் எழுதி, கொள்முதல் விலைக்குச் சற்றுக் குறைவாகக் கொடுத்தோம். அவர்களுக்கு அந்த மாதத்திலேயே ஐந்து வலீமா இருந்தது.