முதல் நாள் எது?

2013இல் வெளியான கேர் வழிகாட்டுதல்கள், நோயாளி அறிக்கையில் காலவரிசைக்கும் ஒப்புதலுக்கும் தனித் தலைப்புகள் தந்தன. பழைய அறிக்கையை அவ்வடிவத்துக்கு மாற்றுவோர் பலர், மருத்துவமனையில் சேர்ந்த நாளையே முதல் நாளாக்கிவிடுகின்றனர். அந்தமானில் நெடுங்காலமாக அறியப்பட்ட எலிக்காய்ச்சலில் இது முடிவையே திரித்துவிடும். சேர்ந்த மறுநாள் எடுத்த குருதியில் எதிர்ப்பொருள் இல்லையென்று கொள்வோம். அது காய்ச்சலின் ஐந்தாம் நாளெனில் நோயை மறுக்க இயலாது. எதிர்ப்பொருள் பெரும்பாலும் முதல் வாரத்துக்குப் பின்னரே புலப்படும். பதினைந்தாம் நாளெனில் பொருள் வேறு. எனவே காய்ச்சல் கண்ட நாளிலிருந்தே எண்ணுதல் வேண்டும்.

ஆயினும் தேதி, தீவு, தொழில் மூன்றும் அட்டவணையில் சேர்ந்தால், சிறு தீவில் பெயரின்றியே ஆளை அறிந்துகொள்வர். தேதியை நீக்கி நாள் எண்ணை மட்டும் இடுவதும், அவ்வட்டவணையை நோயாளிக்குப் படித்துக்காட்டிய பின் ஒப்புதல் பெறுவதுமே முறை.