பதினொரு சான்றிதழ்களும் ஒரு மூன்றாமிடமும்

நண்பர் ஒருவர் தனது சிறிய மென்பொருள் நிறுவனத்துக்குப் பயிலுனர் ஒருவரைத் தெரிவு செய்ய வேண்டியிருந்தது. தகவல் தொழினுட்பம் கற்பிப்பவன் என்பதால் என்னையும் அழைத்தார். இறுதியில் இருவர் எஞ்சினர். உயர்தரம் முடித்த இருவருக்குமே தொழில் அனுபவம் இல்லை.

இளைஞரின் சுயவிபரக்கோவையில் பதினொரு இணையவழிச் சான்றிதழ்கள். கோர்செரா சான்றிதழின் சரிபார்ப்பு இணைப்பைத் திறந்தால் பெயரும் முடித்த திகதியும் தெரியும். நான்கு வாரப் பாடநெறிகள் மூன்றை அவர் ஒரே வாரத்தில் முடித்திருந்தார். நண்பர் உதட்டைப் பிதுக்கினார். எனக்கு அது அவ்வளவு பெரிய குற்றமாகப் படவில்லை. அங்கு பல பாடநெறிகளுக்கு ஏழு நாள் இலவசக் காலம் உண்டு. கட்டணம் செலுத்த முடியாத பிள்ளைகள் அதற்குள் ஓடி முடிக்கிறார்கள். ஆனால் அந்த ஓட்டத்தில் என்ன தங்கியது என்பதைத் திகதி சொல்லாது. அவர் காட்டிய செயற்றிட்டம் பாடநெறியில் செய்து காட்டப்பட்ட அதே உதாரணம்தான். அதில் ஒரு சிறு மாற்றம் கேட்டோம். எங்கே தொடங்குவதென்று அவருக்குத் தெரியவில்லை.

யுவதியிடம் இரண்டே விடயங்கள். ஒன்று, மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் இலவசப் பைதன் பாடநெறி. மற்றையது, ஹெக்கத்தோன் ஒன்றில் மூன்றாமிடம். ஹெக்கத்தோனில் பங்குபற்றிய அனைவருக்கும் சான்றிதழ் கிடைப்பது வழமை. இடம் கிடைத்தாலும், எத்தனை குழுக்களில், இயங்கும் செயலிக்கா அல்லது அழகான விளக்கவுரைக்கா என்று கேட்க வேண்டும். அவர்களுடையது பன்னிரண்டு குழுக்களில் மூன்றாவது. இரத்த தானம் செய்வோரைத் தேடித் தரும் ஒரு செயலி, அது இயங்கியது.

நால்வர் குழுவில் யார் எவ்வளவு செய்தார்கள்? அவர்களது கோப்பகத்தில் `git shortlog -sn HEAD` என்று கொடுத்துப் பார்த்தோம். ஒருவர் பெயரில் 41 பதிவுகள், இவர் பெயரில் 3. நண்பர் என்னைப் பார்த்தார்.

"சேர், எங்களிட்ட ஒரே ஒரு லெப்டொப்தான் இருந்தது. அது அவருடையது. தேடல் பகுதி நான் எழுதியது" என்றார் அந்தப் பிள்ளை.

இப்படி நடப்பதுண்டு. எண்ணிக்கையை மட்டும் நம்பியிருந்தால் அங்கேயே நிராகரித்திருப்போம். எனவே அந்தத் தேடல் பகுதியையே திறந்து, கடந்த நான்கு மாதங்களுக்குள் இரத்தம் கொடுத்தவர்கள் பட்டியலில் வராதபடி மாற்றச் சொன்னோம். இருபது நிமிடம் கொடுத்தோம். முதலில் கடைசித் திகதியைக் கொண்டு ஒரு நிபந்தனை சேர்த்தார். ஓட்டிப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். ஒருபோதும் இரத்தம் கொடுக்காதவர்களின் திகதி வெற்றாக இருப்பதால் அவர்களும் மறைந்துவிட்டிருந்தார்கள். நாங்கள் சொல்லாமலேயே அடுத்த வரியைச் சேர்த்தார்:

```sql
OR last_donated IS NULL
```

நண்பர் அவரை எடுத்துக்கொண்டார். இளைஞரிடம், பதினொன்றில் ஒன்றைத் தெரிந்து, அதைக் கொண்டு தனது ஊர்க் கடையொன்றுக்கு ஏதாவது செய்துவிட்டு மூன்று மாதத்தில் வரும்படி சொன்னோம். போன வாரம் அழைத்தார். வாப்பாவின் ஹார்ட்வெயார் கடைக்கு இருப்புப் பதிவு ஒன்று எழுதுகிறாராம், திருப்பி வரும் பொருட்களை எப்படிக் கணக்கிடுவது என்று கேட்டார்.