“விளங்கியதா?” என்பது கேள்வியல்ல

உயர்தரம் முடித்துக் கல்வியியற் கல்லூரிகளுக்குச் செல்லும் மாணவியருக்கு அங்கே காத்திருக்கும் பயிற்சிகளுள் ஒன்று நுண்கற்பித்தல். 1963ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் டுவைட் அலனும் அவரது குழுவினரும் உருவாக்கிய முறை இது. முழு வகுப்புக்குப் பதிலாகச் சக பயிலுநர் சிலர் மாணவர்களாக அமர்வார்கள். பாடம் ஐந்தாறு நிமிடம்தான். இந்தியாவில் வழங்கும் மாதிரியின்படி கற்பித்தலுக்கு 6 நிமிடம், பின்னூட்டலுக்கு 6, திருத்தித் திட்டமிட 12, மீண்டும் கற்பிக்க 6, மீண்டும் பின்னூட்டலுக்கு 6 என ஒரு சுற்று 36 நிமிடத்தில் முடிகிறது.

இந்தச் சுற்றின் உயிர் பின்னூட்டலில் இருக்கிறது. ஆனால் “குரல் நல்லது, கரும்பலகை எழுத்து அழகு, இன்னும் கொஞ்சம் தெளிவு வேண்டும்” என்று அது முடிந்துவிட்டால், அடுத்த 12 நிமிடத்தில் எதைத் திருத்துவது? பின்னூட்டல் என்பது பாராட்டோ கண்டனமோ அல்ல, கண்டதையும் கேட்டதையும் அப்படியே சொல்லும் சாட்சியம் என்பதே எனது கருத்து.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு பயிலுநர் ஆசிரியை, மூன்றில் ஒன்றும் நாலில் ஒன்றும் என்ற இரு பின்னங்களில் எது பெரிது என்று கற்பிக்கிறார். “தொகுதி சமமாக இருக்கும்போது, பகுதி பெரிதானால் பின்னம் சிறிது” என்கிறார். கணித ரீதியில் இது சரி. ஆனால் பேச்சுவழக்கில் “பகுதி” என்றால் ஒரு பங்கு. பங்கு பெரிதானால் பின்னம் எப்படிச் சிறிதாகும் என்று பிள்ளை குழம்பும். இங்கே “தெளிவு போதாது” என்பது உதவாது. “பகுதி என்ற சொல்லை விளக்காமல் ஐந்து முறை பயன்படுத்தினீர்கள். முதலில் ஒரு பாணை மூன்று பேருக்கும், அதேயளவு இன்னொரு பாணை நாலு பேருக்கும் பங்கிட்டுக் காட்டுங்கள். எத்தனை பங்காக வெட்டினோம் என்பதைச் சொல்லும் எண்தான் பகுதி என்று அதன் பிறகு சொல்லுங்கள்” என்றால், செய்ய வேண்டியது கையில் கிடைக்கிறது.

அடுத்தது வினாவுதல். பார்வையாளர் ஒருவர் கேள்விகளை எண்ணுகிறார். மொத்தம் பதினாலு. அவற்றில் ஒன்பது “விளங்கியதா?”, “சரிதானே?” என்பவை. எல்லோரும் “ஓம் டீச்சர்” என்று ஒரே குரலில் சொன்னார்கள். அந்த “ஓம்” யாருக்கு விளங்கியது என்று எதையும் காட்டவில்லை. “எது பெரிது? ஏன்?” என்பதே உண்மையான கேள்வி. அதையும் கேட்ட மறுகணமே ஆசிரியை தானே பதில் சொல்லிவிட்டார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு செக்கன் அளவே காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று செக்கனாக்கினால் பிள்ளைகளின் பதில்கள் நீள்கின்றன, மௌனம் குறைகிறது என்றும் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் கண்டறிந்தார். எனவே பின்னூட்டல் இப்படி அமையலாம்: “கேள்வியைக் கேளுங்கள், மனதுக்குள் மூன்று வரை எண்ணுங்கள், அதன் பிறகு ஒருவரின் பெயரைச் சொல்லுங்கள்.” பெயரை முதலில் சொன்னால் மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

வகுப்பறை முகாமைத்துவத்திலும் இப்படித்தான். ஆசிரியை கடதாசித் துண்டுகளைக் கொடுத்துவிட்டு, அதன் பிறகே செய்முறையைச் சொன்னார். பிள்ளைகளின் கவனம் கடதாசிக்குப் போயிற்று, சத்தம் எழுந்தது. “கட்டுப்பாடு இல்லை” என்பது பழி. “முதலில் அறிவுறுத்தல், ஒருவரைக் கொண்டு அதைத் திருப்பிச் சொல்லவைத்தல், அதன் பிறகு கடதாசி” என்பது வழி.

இம்முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. மாணவியராக நடிக்கும் தோழிகளுக்குப் பின்னம் ஏற்கெனவே தெரியும். அவர்கள் குழம்பவும் மாட்டார்கள், குழப்படி செய்யவும் மாட்டார்கள். அதனால் இருவரிடமாவது, “மூன்றைவிட நாலு பெரிது, ஆகவே நாலில் ஒன்றுதான் பெரிது” என்று பதில் சொல்லும்படி முன்கூட்டியே கூறிவைக்க வேண்டும். உண்மையான வகுப்பில் வரும் பிழை அதுதான். அப்படியிருந்தும், நாற்பது பிள்ளைகளை வழிநடத்தும் திறனை ஆறு நிமிடத்தில் முழுமையாக அளக்க முடியாது. அதைக் கற்பித்தற் பயிற்சிக் காலத்தில் பாடசாலையில்தான் பார்க்க வேண்டும்.

மூன்று குறைகளையும் ஒரே தடவையில் அடுக்குவதும் சரியல்ல. ஒரு சுற்றுக்கு ஒரு திறன் போதும். இந்தப் பாடத்தில் நான் வினாவுதலையே முதலில் எடுப்பேன். “ஏன்?” என்று கேட்டுக் காத்திருந்தால், “பகுதி” என்ற சொல் குழப்புவதைப் பிள்ளைகளின் பதிலே ஆசிரியைக்குக் காட்டிக்கொடுக்கும்.

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் பிள்ளைகளை டியூஷனுக்கு அனுப்பும் பெற்றோரும் இதை வீட்டில் செய்து பார்க்கலாம். “விளங்கியதா மகள்?” என்று கேட்காமல், “எது பெரிது, ஏன் என்று எனக்குச் சொல்லுங்க” என்று கேட்டுவிட்டு, மூன்று செக்கன் பொறுத்திருங்கள்.