நன்றியா, உண்டியலா?

நன்றி என்ற சொல்லை நாம் இந்தப் பத்துப் பதினைந்து வருஷங்களில் படுத்தியிருக்கிற பாட்டை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஃபேஸ்புக்கிலோ யூடியூபிலோ ஒருவரைப் பின்தொடர்கிறவர்களின் தொகை ஐயாயிரம், பத்தாயிரம் என்று ஒரு முழு எண்ணைத் தொட்டுவிட்டால் போதும். மறுநிமிஷமே ஒரு நன்றி அறிவிப்பு வந்து விழுகிறது. அதில் முன்பாதி தற்புகழ்ச்சி, பின்பாதி யாசகம். இரண்டுக்கும் நடுவில் எங்கோ நன்றி என்ற மூன்றெழுத்து நசுங்கிக் கிடக்கிறது.

கல்யாண வீட்டில் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வருகிறவருக்கு வீட்டுக்காரர் என்ன செய்கிறார்? தாம்பூலப் பையைக் கையில் கொடுத்து, கும்பிட்டு அனுப்புகிறார். “வந்ததற்கு நன்றி, அடுத்த கல்யாணத்துக்கு இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்” என்று அவர் சொல்வாரானால், அந்த வெற்றிலைக்கு மரியாதை உண்டா? நன்றி என்பது ஒரு கணக்கைத் தீர்க்கிற காரியம். அதே மூச்சில் இன்னொரு கடன் கேட்கிறவன் பழைய கணக்கைத் தீர்த்தவன் ஆகமாட்டான்.

எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர், நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்களின் சிறுகதைகளை வாசித்து யூடியூபில் போட்டுவருகிறவர். நல்ல குரல், உச்சரிப்பில் கவலை உள்ளவர். அவருக்குச் சந்தாதாரர் பத்தாயிரம் சேர்ந்தபோது, தாம் எழுதிய நன்றி அறிவிப்பை என்னிடம் நீட்டி, “அண்ணே, பார்த்துச் சொல்லுங்க” என்றார். அதில் இருந்தது இது:

“பத்தாயிரம் உறவுகள்! கனவிலும் நினைக்கவில்லை. எந்தப் பின்புலமும் இல்லாத இந்தச் சாமானியனின் மூன்று வருட உழைப்பு வீண்போகவில்லை. நீங்கள் இல்லாமல் நான் இல்லை. ஒரு லட்சத்தை எட்ட உங்கள் ஆதரவு தொடரட்டும். பகிருங்கள், மணியை அழுத்துங்கள்.”

இதில் பொய் எங்கே இருக்கிறது என்று வரிவரியாகப் பார்ப்போம் என்றேன்.

முதலில் அந்தப் பத்தாயிரம். அவர் கதை ஒன்றைச் சாதாரணமாக எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று விசாரித்தேன். சேனல் நடத்துகிறவருக்கு யூடியூப் காட்டுகிற கணக்கைத் திறந்து பார்த்தார். எழுநூறு சொச்சம், அதில் கடைசி வரை இருப்பவர்கள் பாதிக்கும் குறைவு. மிச்சப் பேரெல்லாம் என்றோ ஒருநாள் பொத்தானை அழுத்திவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போனவர்கள். அது அவர்கள் குற்றமல்ல. ஆனால் அவர்களை உறவு என்றும் குடும்பம் என்றும் அழைப்பது, ரயிலில் எதிர்ப்பலகையில் உட்கார்ந்திருந்தவரைச் சம்பந்தி என்று அழைப்பதற்குச் சமானம்.

அந்த எண்ணும் நிலையானதல்ல. மூடப்பட்ட கணக்குகளையும் போலிக் கணக்குகளையும் கம்பெனிக்காரர்கள் அவ்வப்போது கழித்துவிடுகிறார்கள். 2014 டிசம்பரில் இன்ஸ்டாகிராம் அப்படிக் கழித்தபோது பிரபலங்கள் சிலருக்கு ஒரே நாளில் லட்சக்கணக்கில் குறைந்தது. 2018 ஜூலையில் ட்விட்டரும் இதைச் செய்தது. காலையில் பத்தாயிரத்துக்கு விழா எடுத்தவர், மாலையில் ஒன்பதாயிரத்துச் சொச்சத்தில் நிற்கவும் கூடும். ஆகவே அந்த எண்ணைப் படம் பிடித்துப் போடுவதை முதலில் விட வேண்டும். வேண்டுமானால் அந்த வாரத்துச் செய்தியாக, ஒரே ஒரு தடவை, ஆச்சரியக்குறி இல்லாமல் சொல்லலாம்.

அடுத்தது அந்தச் சாமானியன். “நான் ஒன்றுமே இல்லாதவன்” என்று தொடங்குகிறவன், “அப்படிப்பட்ட நான் எங்கே வந்துவிட்டேன் பாருங்கள்” என்று முடிக்காமல் விடுவதில்லை. பணிவு வேஷம் போட்டுக்கொண்டு வருகிற கர்வம், நேரே வருகிற கர்வத்தைவிட அருவருப்பானது. இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. அறிவிப்பிலுள்ள ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எழுவாய் யார் என்று பாருங்கள். நான் நினைக்கவில்லை, என் உழைப்பு, நான் இல்லை — எல்லாம் ‘நான்’தான். நன்றி சொல்லப்படுகிறவர் எங்கே? அவர் கடைசியில் வருகிறார், மணியை அழுத்துவதற்கு!

“அப்ப அவங்க என்னதான் செஞ்சாங்கன்னு எழுதணுமா?” என்று கேட்டார் அவர்.

“அதேதான், தம்பி. என்ன செய்தார்கள்?”

யோசித்தார். ‘உவர்ப்பு’ என்ற சொல்லை அவர் தப்பாகப் படித்ததை ஒரு தமிழாசிரியர் எழுதித் திருத்தியிருந்தார். கண்பார்வை இல்லாத ஒருவர், கதைக்கு முன்னால் ஒலிக்கும் சங்கீதம் நீளமாயிருக்கிறது என்று சொல்லி, அது குறைக்கப்பட்டது. கதை வெளிவந்த வருஷத்தையும் சொல்லுங்கள் என்று பலர் கேட்டு, அது வழக்கமாயிற்று. இத்தனை செல்வத்தை வைத்துக்கொண்டு, இந்த மனிதர் ஊரார் எல்லோரும் எழுதுகிற கனவையும் பயணத்தையும் எழுதியிருக்கிறார்!

இங்கே ஒரு கட்சி எழும். “கேட்காவிட்டால் யார் கொடுப்பார்கள்? பிழைக்க வேண்டாமா?” என்பார்கள். கேட்பதை நான் குற்றம் சொல்லவில்லை. என் புத்தகத்துக்கு நான் விலை வைக்கிறேன். ராயல்டி வராவிட்டால் சண்டை போடுகிறேன். வேண்டியதை வேறொரு நாளில், வேண்டுகோள் என்றே பெயர் சொல்லிக் கேளுங்கள். காரணத்தையும் சொல்லுங்கள். யூடியூபில் விளம்பர வருமானத்தில் பங்கு கிடைக்க ஆயிரம் சந்தாதாரரும், ஒரு வருஷத்துக்குள் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்பது ஒரு வழி. அந்த வாசலில் நிற்கிறவன் உதவி கேட்டால் அதில் நியாயம் உண்டு. பத்தாயிரத்தில் என்ன வாசல்? வெள்ளிப் பட்டயம் தருவதுகூட ஒரு லட்சத்தில்தான். பத்தாயிரம் என்பது நமக்குப் பத்து விரல் இருப்பதால் வந்த அழகே ஒழிய வேறில்லை.

யாசகம் லாபமாவது தருகிறதா? “பிடித்தால் லைக் போடு, நண்பரை இணை, பகிர்” என்று தூண்டில் போடுகிற பதிவுகளைப் பலர் கண்ணில் படாதபடி கீழே தள்ளப்போவதாக ஃபேஸ்புக்கே 2017 டிசம்பரில் அறிவித்தது. கடைக்காரனுக்கே கூச்சம் வந்துவிட்டது, நமக்கு வரவில்லை!

கடைசியில் அந்த இளைஞர் எழுதியது இது:

“இந்த வாரம் இந்தச் சேனலின் சந்தாதாரர் பத்தாயிரம் ஆயினர். கதைகளைக் கடைசி வரை கேட்கிற முந்நூறு பேருக்கு முதல் நன்றி. ‘உவர்ப்பு’ என்ற சொல்லைத் திருத்திய ஆசிரியருக்கும், தொடக்க இசையைக் குறைக்கச் சொன்னவருக்கும், வெளிவந்த வருஷத்தைக் கேட்டவர்களுக்கும் நன்றி. இப்போதைய கதைகள் உங்களால் மேம்பட்டவை. இதுவரை வாசித்த 140 கதைகளையும் ஆசிரியர்வாரியாக, நேர அளவோடு பட்டியலிட்டுக் கீழே கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை வழக்கம்போல் அடுத்த கதை.”

இதற்கென்று தனியாக ஒரு வீடியோ எடுக்க வேண்டாம் என்றும் சொன்னேன். கதை கேட்க வந்தவரை உட்காரவைத்து ஐந்து நிமிஷம் நன்றி சொல்வது, அவரிடம் மேலும் ஐந்து நிமிஷம் பறிப்பதாகும். எழுத்தில் போட்டார், அரை நிமிஷத்தில் படித்துவிடலாம். அந்தப் பட்டியல்தான் தாம்பூலப் பை. வந்தவர் கையில் ஏதோ ஒன்று இருக்கிறது. அவர் திருப்பித் தர வேண்டியது ஒன்றுமில்லை.

“இதுல ஆதரவு தாங்கன்னு ஒரு வார்த்தைகூட இல்லையேண்ணே” என்று சற்றுத் தயங்கினார்.

‘வெள்ளிக்கிழமை அடுத்த கதை’ என்று இருக்கிறதே! வேலை செய்கிறவன் அதற்கு மேல் என்ன கேட்க வேண்டும்? அந்தக் கதை நன்றாயிருந்தால் கேட்டவர் நாலு பேரிடம் தாமே சொல்லுவார். நன்றாயில்லாவிட்டால், எத்தனை மணியை அடித்தாலும் யாரும் வரமாட்டார்கள், வரவும் வேண்டாம்.