1,250,000 எவ்வளவு? சட்டுனு சொல்லுங்க

தலைப்பைப் பார்த்ததும் "ஒண்ணே கால் லட்சம்"னு வாய்ல வந்திருந்தா வெட்கப்பட வேண்டாம். எங்க கல்ச்சுரல்ஸ் பட்ஜெட் ஷீட்டைப் பார்த்த பேராசிரியரும் அதையேதான் சொன்னார். அது பன்னிரண்டரை லட்சம். ஸ்பான்சர்கிட்ட இருந்து எட்டரை, ரெஜிஸ்ட்ரேஷன்ல நாலு.

அவர் அவசரத்துல படிச்சார்னு விட்டுடலாம். ஆனா நாம எல்லாருமே தொகையை ஒவ்வொரு இலக்கமா எண்ணுறதில்ல. கமாவை எண்ணுறோம். ரெண்டு கமா இருந்தா லட்சம், முதல் கமாவுக்கு முன்னாடி என்ன இருக்கோ அத்தனை லட்சம். 12,50,000-லயும் ரெண்டு கமா, 1,250,000-லயும் ரெண்டு கமா. கண் பழைய கணக்குலயே போய் முன்னாடி இருக்கிற "1"-ஐ ஒரு லட்சம்னு எடுத்துக்குது. பத்து மடங்கு தப்பு, ஆனா படிச்சவருக்கு எந்தச் சந்தேகமும் வராது. அதுதான் மோசம்.

ஷீட் போட்ட ஜூனியர் சத்தியமே பண்ணினான், "அண்ணா, என் லேப்டாப்ல லட்சமாத்தான் தெரிஞ்சுது". பொய் இல்ல. விண்டோஸ்ல Region அமைப்புக்குள்ள Additional settings போனா Digit grouping-னு ஒண்ணு இருக்கும். அதுல 12,34,56,789-ஐத் தேர்ந்தெடுத்தா எக்செல் அதையே பின்பற்றும். யூடியூப்ல பல பேர் சொல்லித் தர்றதும் இதுதான். என் கருத்து, பணம் சம்பந்தப்பட்ட ஃபைலுக்கு இது உதவாது. அந்த அமைப்பு மெஷினோடது, ஃபைலோடது இல்ல. ஃபைல்ல `#,##0`-னு மட்டும்தான் பதிவாகுது. கமா எங்க விழணும்னு திறக்கிற கம்ப்யூட்டர் முடிவு பண்ணும். ஆபீஸ் சிஸ்டம்ல அமைப்பு வேற, அதனால மில்லியன் வந்துடுச்சு.

"அப்போ செல் ஃபார்மேட்லயே `#,##,##0`-னு அடிச்சா போதாதா?"னு தோணும். நானும் அடிச்சுப் பார்த்தேன். எக்செல் நடுவுல ஒரு கமா இருக்கான்னு மட்டும்தான் பார்க்குது, அதை எங்க வெச்சோம்னு பார்க்கிறதே இல்ல. அதனால கமாவைப் பிரிப்பானா இல்லாம, வெறும் எழுத்தா அச்சடிக்கச் சொல்லணும். அதுக்குத்தான் முன்னாடி ஒரு `\`. செல்லைத் தேர்ந்தெடுத்து Ctrl+1, Custom, அங்க இதை ஒட்டுங்க:

```
[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0
```

கோடிக்கு மேல ஒரு வடிவம், லட்சத்துக்கு மேல ஒண்ணு, மீதி எல்லாத்துக்கும் மூணாவது. இப்படிப் பிரிக்காம முதல் வடிவத்தை மட்டும் வெச்சா, 500-கூட முன்னாடி வெறும் கமாக்களோட வந்து நிக்கும், ஏன்னா அந்தக் கமாக்கள் எழுத்து, எப்பவும் அச்சாகும். இந்த ஃபார்மேட் ஃபைலோடவே போகும். ஆபீஸ் சிஸ்டம்லயும் 12,50,000 அப்படியே வந்தது.

அதோட முடிஞ்சுதுன்னு நினைச்சேன். எங்க செலவு 14,10,000. வரவுல இருந்து கழிச்ச செல்லுல -160,000-னு பழையபடி நின்னுச்சு. இந்தத் தடவை "பதினாறாயிரமா?"னு கேட்டார். காரணம் எளிது. எக்செல் ஒரு ஃபார்மேட்ல ரெண்டு நிபந்தனைக்குத்தான் இடம் தரும், ரெண்டும் நமக்குத் தீர்ந்துபோச்சு. நெகட்டிவ் எண் லட்சத்தை விடச் சின்னது, அதனால மூணாவது பகுதிக்குப் போயிடுது. நெகட்டிவுக்குத் தனி ஃபார்மேட் எழுதி கண்டிஷனல் ஃபார்மேட்டிங்ல செருகலாம். நாங்க அதைவிடச் சுலபமா, "பற்றாக்குறை"னு தனி வரி போட்டு, B2 வரவு, B3 செலவுன்னு வெச்சு இதை எழுதினோம்:

```
=MAX(0,B3-B2)
```

மைனஸே இல்ல, 1,60,000. கணக்குப் பார்க்கிறவருக்கும் மைனஸைவிட அந்த வார்த்தை சீக்கிரம் புரியுது.

ஒண்ணு மட்டும் பண்ணாதீங்க. `TEXT` ஃபங்ஷன்ல இதே ஃபார்மேட்டைப் போட்டு அழகு பார்க்கிறது. செல்லுல இருக்கிறது எண்ணா இல்லாம எழுத்தா மாறிடும், கீழ `SUM` போட்டா 0 வரும். எழுத்தா மாறினதுக்கு அடையாளம், தொகை செல்லோட இடது பக்கமா ஒட்டி நிக்கும்.

"மில்லியன் படிக்கப் பழகிக்கலாமே, நாளைக்கு வேலையில அதுதானே?"ன்னு எங்க டீம்லயே ஒருத்தன் கேட்டான். வெளிநாட்டு கிளையண்டுக்குப் போற ஷீட்டா இருந்தா அவன் சொல்றது சரி, அங்க லட்சக் கமா போட்டா அவங்க முழிப்பாங்க. ஆனா எங்க ஷீட்டைப் படிச்சவங்க பேராசிரியர், ஆபீஸ் அக்கவுண்டண்ட், பந்தல் போட்ட அண்ணன். இவங்க மூணு பேர்ல யாருமே மில்லியன்ல பில் எழுதுறவங்க இல்ல.

பட்ஜெட் ரெண்டாவது தடவை போனப்போ பேராசிரியர் தொகையைச் சரியாவே படிச்சார். படிச்சுட்டு, பந்தலுக்கு எதுக்கு இவ்வளவுன்னு கேட்டார்.